குடைப் பிரிவு இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: அரசு காண்ட்ராக்ட் பணத்தைத் தரவில்லை. நாடுகளுக்கிடையேயான முதலீட்டு உடன்படிக்கையில், முதலீட்டாளருக்குக் கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றும் என்ற குடைப் பிரிவு இருக்கிறது. நேராகச் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் முதலில் உங்கள் காண்ட்ராக்டில் எந்த நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். எஸ்.ஜி.எஸ். என்ற சுவிஸ் நிறுவனத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். இறக்குமதிச் சரக்கைக் கப்பலேறும் முன்பே சோதித்துத் தரும் வேலையை அது பாகிஸ்தானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் செய்தது. இரண்டு அரசுகளோடும் தகராறு.

காண்ட்ராக்டை மீறினால் குடைப் பிரிவின்படி உடன்படிக்கையையும் மீறியதாகும் என்பது எஸ்.ஜி.எஸ். வாதம். பாகிஸ்தான் வழக்கில் (2003) தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. ஏற்றால் கணக்கற்ற காண்ட்ராக்ட் மீறல்கள் உடன்படிக்கை மீறல்களாகிவிடும் என்றது. பிலிப்பைன்ஸ் வழக்கில் (2004) வேறொரு தீர்ப்பாயம், தரவேண்டிய பணத்தைத் தராதது உடன்படிக்கை மீறலே என்றது. பிரிவின் சொற்களுக்கு இதுவே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனாலும் பணம் உடனே வரவில்லை. எவ்வளவு பாக்கி என்பதைச் சொல்வது காண்ட்ராக்ட்; அந்தக் காண்ட்ராக்டோ பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்களைத்தான் கைகாட்டியது. அதனால் தொகை முடிவாகும்வரை வழக்கை நிறுத்திவைத்தார்கள்.

சொத்துப் பறிப்பு, நியாயமற்ற நடத்தை போன்றவை வேறு வகை. அவற்றுக்கு அடிப்படை உடன்படிக்கையே என்பதால், காண்ட்ராக்டின் நீதிமன்றப் பிரிவு குறுக்கே நிற்காது. விவெண்டி என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வழக்கில் (2002) அர்ஜென்டினாவுக்கு எதிராக அப்படித்தான் முடிவானது.