ஈரத்தில் வலுவிழக்கும் நூல்: விஸ்கோஸ் ஆடை ஏன் சுருங்குகிறது, எப்படித் துவைப்பது?

“காத்ர்போர்ன் சந்தையில் வாங்கிய விஸ்கோஸ் குர்த்தியை வாஷிங் மெஷினில் ஒரே ஒரு தடவைதான் போட்டேன். 110 செ.மீ. இருந்த நீளம் 103 ஆகிவிட்டது. வெளியே எடுக்கும்போது அக்குள் தையல் ஓரத்தில் கிழிந்தும் விட்டது. துணி மட்டமா, நான் துவைத்தது தவறா? அதே துணியில் இரண்டரை மீட்டர் இன்னும் தைக்காமல் இருக்கிறது, அதை என்ன செய்வது?” — ஒரு வாசகி, ரோஸ் ஹில்

சுருங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் ஆலையில் இருக்கிறது. கிழிந்ததற்குக் காரணம் ஈரத்தில் கையாண்ட விதத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே துவைப்பில் நேர்ந்தாலும் தனித்தனியான நிகழ்வுகள் என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் கிழிசல். குர்த்தியின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை ஒரு சாண் நீளத்துக்கு உருவி எடுங்கள். அதன் நடுப்பகுதியை மட்டும் நாக்கில் தொட்டு நனைத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தால், நனைந்த அந்த இடத்தில்தான் நூல் அறும், அதுவும் மிகச் சுலபமாக அறும். பருத்தி நூலில் இதையே செய்து பார்த்தால் பெரும்பாலும் நனையாத பகுதியில்தான் அறும், ஏனெனில் பருத்தி ஈரத்தில் வலுக்கூடும் இழை. சாயப்பட்டறையில் நான் வேலை கற்ற நாட்களில், துண்டுத்துணி எந்த வகை என்று சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளர் முதலில் செய்யச் சொன்னது இந்தச் சோதனையைத்தான்.

இரண்டும் செல்லுலோஸ்தான். ஆனால் பருத்தி செடியிலேயே இழையாக விளைவது. விஸ்கோஸோ மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் பதப்படுத்திக் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலக் குளியலுக்குள் பிழிந்து, மீண்டும் இழையாக்கியது. ரேயான் என்று அட்டையில் இருந்தாலும் பெரும்பாலும் இதே பொருள்தான். இந்தக் கரைப்பில் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகள் துண்டுபட்டுவிடுகின்றன. பருத்தியில் ஆயிரக்கணக்கான அலகுகள் நீளும் சங்கிலி இங்கே சில நூறு அலகுகளோடு நின்றுவிடுகிறது. அவை அடுக்கப்பட்டிருப்பதும் நெருக்கமாக இல்லை. ஆகவே தண்ணீர் இடைவெளிகளில் எளிதாகப் புகுந்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளைத் தளர்த்திவிடுகிறது. சாதாரண விஸ்கோஸ் நனைந்த நிலையில் தன் வலுவில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. காய்ந்தவுடன் அந்த வலு திரும்பி வந்துவிடும் என்பதால், துணி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஈரமாக இருக்கும் அந்த அரைமணி, ஒருமணி நேரம்தான் ஆபத்தானது.

அக்குளில் கிழிந்ததற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. ஆயத்த ஆடைகளைத் தைக்கும் நூல் பொதுவாகப் பாலியெஸ்டர். அது தண்ணீரில் வலுவிழப்பதில்லை. நீரைக் குடித்துக் கனத்துப்போன குர்த்தியைக் கையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். முழு எடையும் அந்த ஒரு தையலில் தொங்க, வலுக்குறையாத தையல் நூல் வலுக்குறைந்த துணி நூலை அறுத்துவிட்டது. கிழிசல் தையலை ஒட்டி நேர்கோடாக இருந்தால் இதுதான் நடந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இனி சுருக்கம். ஈர விஸ்கோஸ் வலுவற்றது மட்டுமல்ல, சிறிதளவு இழுத்தாலும் நீளக்கூடியது. சாயமேற்றும்போதும் அலசும்போதும் துணி நீளவாக்கில் உருளைகளில் இழுபட்டுக்கொண்டே போகிறது. அந்த நீண்ட நிலையிலேயே சூடுகாட்டிக் காயவைத்துவிட்டால் அளவு கூடிய துணியாகவே கட்டு கட்டப்படுகிறது. மீட்டர் கணக்கில் விற்கும் ஆலைக்கு அது இலாபம். உங்கள் வீட்டுத் தண்ணீர் பட்டதும் நூல் அந்த இழுவையை விட்டுவிட்டுத் தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. இதோடு, நீரில் நூல் நன்றாகப் பருக்கிறது. மெல்லிய கம்பிகளின் மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும் கயிறு, அதே கம்பிகள் தடித்துப்போனால் அவற்றைச் சுற்றிவரக் கூடுதல் நீளம் கேட்கும் அல்லவா? கூடுதல் நீளம் இல்லாததால் கம்பிகளையே நெருங்கி வரச் செய்கிறது. துணியில் நீளவாக்காக ஓடும் பாவு நூலுக்கு நேர்வது இதுதான். காய்ந்து நூல் மெலிந்த பிறகும் அந்த நெருக்கம் முழுவதும் விலகுவதில்லை.

உங்கள் குர்த்தி 7 செ.மீ. குறைந்திருக்கிறது, அதாவது நூற்றுக்கு ஆறுக்குச் சற்று மேல். ஆலையில் முன்கூட்டியே சுருக்கி எடுக்காத விஸ்கோஸுக்கு இது வியப்பான அளவு அல்ல. குளிர்ந்த நீரில் கையால் துவைத்திருந்தாலும் இதில் பெரும்பகுதி குறைந்தே இருக்கும். சூடும், சுழலும் உலர்த்தியும் மீதியைக் கூட்டும்.

இழந்த நீளத்தில் ஒரு பங்கை மீட்கலாம். கிழிசலை முதலில் தைத்துக்கொண்டு, குர்த்தியை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். தடித்த துவாலையில் பாயைப் போலச் சுருட்டி அழுத்தினால் நீர் போய்விடும். பிறகு மேசையில் விரித்து, தோளிலிருந்து கீழ்விளிம்பு நோக்கி உள்ளங்கையால் சிறிது சிறிதாக நீவி இழுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே உட்புறத்தில் நடுத்தரச் சூட்டில் நீளவாக்காகவே இஸ்திரி போடுங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் கிடைத்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் தையலோரம் மீண்டும் போய்விடும். அடுத்த துவைப்பில் அது மறுபடி உள்வாங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் இவ்வாறு நீவ வேண்டியிருக்கும்.

துவைப்பதற்கு நான் பரிந்துரைப்பது கைத்துவைப்பு. ஒரு வாளிக் குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சோப்பைக் கலக்கி, ஆடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி அமிழ்த்தி, ஐந்து முதல் பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட்டாலே வியர்வையும் தூசியும் போய்விடும். தூரிகையும் கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் அறவே கூடாது. தண்ணீரில் துணி அட்டை போல விறைக்கும். நூல் பருத்ததால் வரும் விறைப்பு அது, காய்ந்ததும் இளகிவிடும், அதற்காக மென்மையூட்டி ஊற்றத் தேவையில்லை. வெளியே எடுக்கும்போது கைக்குழந்தையைத் தூக்குவது போல இரு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.

மெஷின்தான் வேண்டுமென்றால், அட்டையில் தொட்டிக் குறி வெட்டப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வலைப்பையில் போட்டு, மென்துவைப்பில், 30 டிகிரிக்கு மேல் போகாமல், சுழற்சியை 400க்குக் குறைத்து ஓட்டலாம். ஜீன்ஸோடும் துவாலையோடும் சேர்த்துப் போடாதீர்கள்.

காயவைப்பதில் கியூர்பிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் சங்கடம். நாள் முழுதும் தூறும் ஊரில் உலர்த்தியை நாடத் தோன்றும். அதற்குப் பதிலாக, துவாலையில் நீரை ஒற்றியெடுத்தபின் மின்விசிறிக்கு எதிரே மட்டமாக விரித்துவிடுங்கள். சொட்டச் சொட்டக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் தண்ணீரின் எடையே துணியை இழுத்து, விளிம்பு ஒரு பக்கம் இறங்கிவிடும்.

தைக்காத இரண்டரை மீட்டரைத் தையற்காரரிடம் இப்படியே கொடுத்துவிடாதீர்கள். அதைத் தளர்வாக மடித்து வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் விரித்துக் காயவையுங்கள்; இதையே இரண்டு முறை செய்தால் நல்லது. இழுக்காமல் அளந்து பாருங்கள். குர்த்தி சுருங்கிய அதே விகிதத்தில் போனால் 250 செ.மீ. ஏறக்குறைய 234 ஆக நிற்கும். அந்த அளவை வைத்துத்தான் வெட்டச் சொல்ல வேண்டும்; அக்குளிலும் பக்கத் தையலிலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் துணி விட்டு, விளிம்பை ஓவர்லாக் செய்யவும் சொல்லுங்கள்.