கேம் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தானாக இழுப்பது – பதில்

"கையே வைக்காமல் இடது ஸ்டிக் இடப்பக்கம் இழுக்கிறது. புதுக் கன்ட்ரோலர்தான் வாங்கணுமா?"

வேண்டாம். வாரண்டி இருந்தால் மட்டும் திறக்காமல் அனுப்பிவிடுங்கள்.

ஸ்டிக்கின் பக்கவாட்டில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று இட-வல அசைவை அளக்கும், மற்றது மேல்-கீழ். உள்ளே கரிப்பூச்சின் மேல் ஓர் உலோக முள் உரசிக்கொண்டே இருப்பதால் பூச்சு தேயும். அப்புறம் ஸ்டிக் நடுவில் நின்றாலும் அளவு பிசகும்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஸ்டிக்கைச் சுழற்றி, நன்றாகக் காயவிடுங்கள். தூசியென்றால் சரியாகிவிடும். சில வாரத்தில் மறுபடி இழுத்தால் தேய்மானம்தான். உங்களுக்கு ஒரு திசையில்தான் கோளாறு என்பதால் அந்த ஒரு பெட்டியை மாற்றினாலே போதும், மூன்று கால்கள்தான் சால்டரிங். முழு ஸ்டிக்கையும் மாற்றுவதென்றால் 14 இடத்தில் ஈயம் எடுக்கணும். அவ்வளவு பாடுபட்டால் காந்தத்தால் அசைவை அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கையே போடுங்கள், அதில் அளக்கும் பகுதியில் உரசலே இல்லை.