‘விசாரித்த பிறகு காவல்துறைக்கு’ என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள்

கேள்வி: தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஆங்கிலத்தில் முப்பத்தெட்டுப் பக்கம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், யாரும் படிக்கவில்லை. பெற்றோருக்கும் ஆயாம்மா, வேன் ஓட்டுநர் உட்பட எல்லா ஊழியர்களுக்கும் புரியும்படி இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதித் தரும்படி நிர்வாகம் என்னிடம் சொல்லியிருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது? புகார் வந்தால் பள்ளிக் குழு விசாரித்து, உண்மையென்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் என்று அதில் இருக்கிறது. அதை அப்படியே எழுதலாமா?
— ஓர் ஆசிரியை, சேலம் மாவட்டம்

பதில்: அப்படியே எழுதக் கூடாது. அந்த வரி சட்டத்துக்கு எதிரானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19இல், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. விசாரித்து உறுதி செய்துகொண்டு வா என்று அது யாரையும் கேட்கவில்லை. தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல், பின்னால் வழக்கு நிற்காமல் போனாலும், உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எதுவும் எடுக்க முடியாது. இந்தக் கடைசி வரியை உங்கள் சுருக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். பல ஆசிரியர்கள் வாய் மூடிக்கொள்வது ‘பொய்யாக இருந்துவிட்டால் நம் தலையில் விழுமே’ என்ற பயத்தால்தான்.

கொள்கையின் நோக்கம், வரையறை, பின்னணி ஆகியவற்றையெல்லாம் மூல ஆவணத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை வாய் திறந்த நிமிடத்திலிருந்து அன்று மாலை வரை யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதினாலே இரண்டு பக்கம் நிறைந்துவிடும். ஓர் உதாரணத்தை வைத்து எழுதினால் ஆயாம்மாவுக்கும் புரியும். ஏழாம் வகுப்பு மாணவி, காலை இடைவேளையில், 10.50க்கு, கணக்கு ஆசிரியையிடம் வந்து, “மிஸ், நான் இனிமே வேன்ல முன் சீட்ல உக்கார மாட்டேன். அந்த அங்கிள் கை வெக்கிறாரு” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆசிரியை செய்ய வேண்டிய முதல் வேலை, கேட்பது. ஒதுக்குப்புறமாக, ஆனால் கதவு மூடாத இடத்தில் உட்கார வைத்து, “சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல” என்று சொல்லிவிட்டுப் பேச விட வேண்டும். கேட்கத் தகுந்த கேள்விகள் இரண்டோ மூன்றோதான். “அப்புறம்?”, “இன்னும் ஏதாவது சொல்லணுமா?”, “இன்னைக்கு வீட்டுக்குப் போக பயமா இருக்கா?” அவ்வளவு போதும். “இங்கதான் தொட்டாரா?”, “எத்தனை தடவை?”, “நீ ஏன் முன்னாடியே சொல்லல?” என்று கேட்கக் கூடாது. முதல் கேள்வி பதிலைப் பிள்ளையின் வாயில் திணிக்கிறது. நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், டீச்சர் சொல்லிக்கொடுத்ததைத்தான் பிள்ளை சொல்கிறது என்று வாதிட அது இடம் கொடுக்கும். கடைசிக் கேள்வி குற்றவாளிக் கூண்டில் பிள்ளையையே ஏற்றுகிறது.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துவிடவும் கூடாது. பிள்ளை கேட்கும், கட்டாயம் கேட்கும். “உன்னைப் பத்திரமா பாத்துக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், வேற யாருக்கும் தெரியாது” என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

பிறகு எழுத வேண்டும், அன்றே, முடிந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள். தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்னது, தான் கேட்டது, கையெழுத்து. பிள்ளை ‘கை வெக்கிறாரு’ என்றால் தாளிலும் ‘கை வெக்கிறாரு’ என்றுதான் இருக்க வேண்டும். நாகரிகமாக இருக்கட்டும் என்று ‘பாலியல் சீண்டலில் ஈடுபட்டார்’ என்று மாற்றி எழுதினால், பிள்ளையின் பிற்கால வாக்குமூலமும் ஆசிரியையின் குறிப்பும் இரண்டு வேறு கதைகளாகத் தெரியும். பல பள்ளிகளில் குறிப்பு பலவீனமாவது இந்த ஒரு இடத்தில்தான்.

அடுத்து, யாரிடம் சொல்வது? பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ உடனே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே சொன்னதோடு ஆசிரியையின் கடமை முடிவதில்லை. பிரிவு 19 சொல்வது ‘எந்த நபரும்’ என்று. அன்று பள்ளி முடிவதற்குள் தலைமையாசிரியர் காவல் நிலையத்துக்குத் தெரிவித்துப் பதிவு எண்ணைக் காட்டவில்லை என்றால், ஆசிரியையே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். இதைச் சுருக்கத்தில் மழுப்பாமல் எழுதுங்கள்: ‘பள்ளி தெரிவிக்காவிட்டால் நீங்களே தெரிவியுங்கள். அதற்காகப் பள்ளி உங்கள் மேல் நடவடிக்கை எடுக்காது.’ நிர்வாகம் இந்த இரண்டாவது வாக்கியத்தில் கையெழுத்திடத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை நிர்வாகக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசித் தீர்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

தகவல் போக வேண்டிய இடம் அனைத்து மகளிர் காவல் நிலையம், உள்ளூர் காவல் நிலையம், அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவு. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம், குழந்தைக்கு உதவி உடனே வரும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் ஆலோசனைக்கும் புகாருக்கும் நல்லது. ஆனால் துறைக்குப் புகார் செய்தாயிற்று என்பது காவல்துறைக்குத் தெரிவித்ததற்கு ஈடாகாது. காவல் நிலையத்தில் தகவலை எழுதிப் பதிவு எண் இட்டு, சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிப்பது காவல்துறையின் வேலை.

இதற்கிடையில் பள்ளி என்ன செய்யக் கூடாது என்பதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள். வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டு “இப்படி ஒரு புகார் வந்திருக்கே” என்று கேட்கக் கூடாது. அவர் கைப்பேசியில் இருப்பதை அழிக்கவும் பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்பவும் அந்த ஒரு கேள்வி போதும். பிள்ளையை அவர் முன்னால் நிறுத்தவே கூடாது. தலைமையாசிரியரிடம் ஒரு முறை, தாளாளரிடம் ஒரு முறை, குழுவிடம் ஒரு முறை என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. ஆனால் அன்று மாலை வேனை அவர் ஓட்டக் கூடாது. காரணம் சொல்லாமல் மாற்று ஓட்டுநரைப் போடுவது காவல்துறையின் ஆலோசனையோடு எளிதாக முடியும். வேனிலும் வாசலிலும் கேமரா இருந்தால் பதிவை அன்றே தனியாக எடுத்து வையுங்கள். பல கருவிகளில் சில நாட்களிலேயே புதிய பதிவு பழையதன் மேல் ஏறிவிடும்.

“சட்டைக்கு மேலதான் தொட்டாராம், இதுக்குப் போய் போலீஸா?” என்ற பேச்சு ஸ்டாஃப் ரூமில் வரும். ஆடைக்கு மேல் தொட்டால் அது போக்சோவின் கீழ் பாலியல் தாக்குதல் ஆகாது என்ற பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வுத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. பாலியல் நோக்கம்தான் முக்கியம், தோல் மேல் தோல் படுவதல்ல என்றது. “ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சுக்கட்டும்” என்பதும் எடுபடாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, மாணவியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர்நீதிமன்றம் முடித்து வைத்ததை, 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் ரத்து செய்து வழக்கை நடத்தச் சொன்னது.

பெற்றோரிடம் அன்றே சொல்ல வேண்டும், போனில் அல்ல, நேரில். ஆனால் பிள்ளை கைகாட்டுவது வீட்டிலிருக்கும் ஒருவரையென்றால் வரிசை மாறும். முதலில் காவல்துறை, குழந்தைகள் நலக் குழு. வீட்டில் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். மாலை பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி, அங்கே அதை மிரட்டி வாயடைத்துவிட்டால், மறுநாள் “நான் சும்மா சொன்னேன் மிஸ்” என்றுதான் வரும். எந்த நிலையிலும் காவல்துறைக்குத் தெரிவிக்கப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை.

பெற்றோர் பகுதியில் அவர்களின் பயத்துக்குப் பதில் இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பார்களோ என்பதுதான் அந்தப் பயம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையில்லாமல் வர வேண்டும். அம்மாவோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கவே கூடாது. பெண் பிள்ளையைப் பரிசோதிப்பது பெண் மருத்துவராக இருக்க வேண்டும். சம்பவம் அன்றோ முந்தைய நாளோ நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும்.

பெயரை வெளியிடுவது பற்றி ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். சட்டம் மறைக்கச் சொல்வது பிள்ளையின் பெயரை மட்டுமல்ல. முகவரி, படம், குடும்பம், பள்ளி, தெரு என்று ஆளை அடையாளம் காட்டும் எதையும்தான். ‘செவன்த் பி-ல ஒரு பொண்ணு’ என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாலே முப்பது வீடுகளுக்கு அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். அக்கறையோடு அனுப்பியது என்பதால் சேதம் குறையாது.

அப்படியானால் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு எதற்கு என்று உங்கள் நிர்வாகம் கேட்கும். குற்றம் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்வதற்கல்ல. நடக்காமல் தடுப்பதற்கும், புகார் வந்தபின் பிள்ளை படிப்பைத் தொடரப் பார்த்துக்கொள்வதற்கும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லோருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்கின்றன. வேன் ஓட்டுநர், காவலாளி, கராத்தே மாஸ்டர் ஆகியோரின் கோப்பில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பது குழுவின் வேலை. ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் கேமராவுக்குக் கீழே மாட்டியிருந்தால் அதில் ஒரு சீட்டும் விழாது. கழிப்பறைக்குப் போகும் வழியில் வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து வாரம் ஒரு முறை திறந்து, தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதட்டும்.

அடிப்பது, முட்டி போட வைப்பது, சாதி சொல்லித் திட்டுவது போன்றவை இந்தப் பாதையில் வருவதில்லை என்றாலும் சுருக்கத்தில் நான்கு வரியாவது இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெற்றோரே வந்து “நல்லா அடிச்சுத் திருத்துங்க சார்” என்றாலும் அந்த அனுமதி செல்லாது என்று எழுதுங்கள். மாணவர் ஒருவர் இன்னொரு மாணவரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினாலும் போக்சோவின் கீழ் தெரிவிக்கத்தான் வேண்டும். அவசர அவசரமாக டி.சி. கொடுத்து அனுப்பினால் பிரச்சினை அடுத்த பள்ளிக்குப் போகுமே தவிர தீராது.

இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் போட்டு, பொறுப்பாசிரியரின் பெயர், கைப்பேசி எண், அவர் விடுப்பில் இருந்தால் மாற்று ஆசிரியர், புகார் அந்தப் பொறுப்பாசிரியர் மேலேயே என்றால் யாரிடம் போவது, உங்கள் பகுதியின் மகளிர் காவல் நிலைய எண், 1098, 14417 ஆகியவற்றை அச்சிடுங்கள். அச்சிடுவதற்கு முன் ஒவ்வோர் எண்ணுக்கும் நீங்களே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். மாற்றலாகிப் போன ஆய்வாளரின் எண்ணை மூன்று ஆண்டுகளாகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கட்டத்தை மட்டும் புதிதாக்கி, வேனுக்குள்ளும் ஒரு பிரதி ஒட்டுங்கள்.