லாம்டாவை எவ்வளவு வைப்பது?

ஐயா, சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் கருவிப் பிரிவில் இருக்கிறேன். கூழைச் சூடாக்கும் நீராவி வால்வை 40 சதவீதத்திலிருந்து 45க்குத் திறந்தபோது வெப்பநிலை 86 டிகிரியிலிருந்து 92க்கு ஏறியது. தாமதம் 20 விநாடி, கால மாறிலி 60 விநாடி. ஐஎம்சி முறையில் லாம்டாவை 5 விநாடியாக வைத்து பிஐ மதிப்புகளைக் கணக்கிட்டேன். முழு ஓட்டத்தில் குறையில்லை. ஓட்டம் பத்தில் ஏழு பங்காகக் குறையும்போது வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது; ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் பிடிக்கவில்லை. இன்டகிரல் நேரத்தை மாற்றலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

இன்டகிரல் நேரத்தைத் தொடாதீர்கள். இந்த முறையில் அது கால மாறிலிக்குச் சமம். உங்கள் கையில் இருப்பது லாம்டா ஒன்றுதான். அது கெயினை மட்டுமே மாற்றும்.

```
Kc = τ / (K(λ + θ))
Ti = τ
```

உங்கள் K, ஒரு சதவீதத்துக்கு 1.2 டிகிரி. லாம்டா 5 என்றால் Kc 2.0 வரும். இப்படி அமைத்த சுற்றில் கெயின் இன்னும் எத்தனை மடங்கு கூடினால் ஊசலாட்டம் அடங்காமல் போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: (π/2)(λ+θ)/θ. உங்களுக்கு அது 1.96 மடங்கு. போதும் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஓட்டம் குறைந்தால் இரண்டு கெடுதல்கள் சேர்ந்தே வருகின்றன. கூழ் உணரியை அடையும் நேரம் நீள்வதால் தாமதம் சுமார் 28.6 விநாடியாகிறது. அதே நீராவி குறைந்த கூழைச் சூடாக்குவதால் K 1.4 மடங்குக்குச் சற்று மேலே போகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1.96 பாதியாகி 0.96 ஆகிவிடுகிறது, ஒன்றுக்குக் கீழே போனால் ஊசலாட்டம் அடங்காது. கால மாறிலி மாறவில்லை என்று இங்கே கொண்டேன். அதுவும் நீண்டால் நிலைமை கொஞ்சம் இளகும்.

நீங்கள் சொன்ன சுற்று நேரமே இதற்குச் சான்று. இத்தகைய ஊசலாட்டத்தின் சுற்று, தாமதத்தைப் போல நான்கு மடங்கு: சுமார் 114 விநாடி. சுற்று அதைவிட வெகு நீளமாக இருந்திருந்தால் வால்வு ஒட்டிக்கொள்கிறதா என்றுதான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். எதற்கும் ஒருமுறை மேனுவலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் காரணம் கட்டுப்படுத்தியில் இல்லை, நீராவி அழுத்தத்தில் இருக்கக்கூடும்.

லாம்டாவைத் தாமதத்துக்குச் சமமாக வைக்கச் சொல்வது ஸ்கோகஸ்டாட் 2003-இல் தந்த பரிந்துரை. அதன்படி 20 வைத்தால் முழு ஓட்டத்தில் 3.14 மடங்கு இடம் கிடைக்கும். குறைந்த ஓட்டத்தில் அது 1.5 ஆகிவிடும். ஊசலாட்டம் அடங்கும், ஆனால் மெதுவாக. தாமதம் மாறாத இடத்துக்கு அது நல்ல விதி. ஓட்டம் இவ்வளவு மாறும் உங்கள் ஆலைக்கு நான் 40 வைப்பேன். Kc 0.83 ஆகும், குறைந்த ஓட்டத்திலும் 2.3 மடங்கு மிஞ்சும். இதற்கு விலை உண்டு: கூழின் நுழைவு வெப்பநிலை திடீரென இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் பிடிக்கும். கூழ் வேகாமல் போகக்கூடாது என்பதால் செட் பாயிண்டை, தேவையான குறைந்தபட்ச வெப்பநிலைக்கு மேல் அந்தச் சரிவைத் தாங்கும் அளவுக்கு உயர்த்தி வையுங்கள்.