பார்வையாளர் 59 ரூபாய் தருகிறார், நம் கைக்கு 35 ரூபாய்: லைவ் வருமானக் கணக்கு

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். இரவில் யூடியூபில் செஸ் லைவ் போடுகிறேன். 740 சப்ஸ்கிரைபர்கள். போன மாதம் சூப்பர் சாட்டில் 2,360 ரூபாய் வந்தது. 59 ரூபாய் மெம்பர்ஷிப்பில் 20 பேர் இருக்கிறார்கள். மொத்தம் 3,540 ரூபாய். ஆனால் கணக்கில் காட்டுவது 1,995 ரூபாய்தான். பாதிக்குப் பாதி எங்கே போகிறது? பேசாமல் யுபிஐ க்யூஆரைத் திரையில் போட்டு நேரடியாக வாங்கிக்கொள்ளலாமா? 45,000 ரூபாய்க்கு ஒரு கேமரா பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கினால் வருமானம் கூடுமா? வேலை காரணமாக நேரம் தப்பித் தப்பித்தான் லைவ் வருகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் கணக்கு ரூபாய் பிசகாமல் சரியாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு மெம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டும் 59 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். அதாவது 9 ரூபாய் வரி, மீதி 50 ரூபாய். இந்த 50 ரூபாயில் 70 சதவீதம் உங்களுக்கு, 30 சதவீதம் யூடியூபுக்கு. ஆக உங்களுக்கு 35 ரூபாய். “யூடியூப் 30 சதவீதம்தான் எடுக்கும்” என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த 30 சதவீதம் வரி போன பிறகு உள்ள தொகைக்கு. பார்வையாளர் கொடுத்த காசோடு ஒப்பிட்டால் நம் கைக்கு வருவது 59 சதவீதத்துக்குச் சற்று மேல்.

உங்கள் 3,540 ரூபாயை இதே வழியில் போட்டால் வரி போக 3,000, அதில் 70 சதவீதம் 2,100. ஆனால் உங்களுக்கு வந்திருப்பது 1,995. குறையும் 105 ரூபாய் ஐபோனில் போயிருக்கிறது என்பது என் ஊகம். ஐபோனில் யூடியூப் ஆப்புக்குள் இருந்தே பணம் அனுப்பினால், முதலில் ஆப்பிள் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும், வழக்கமாக 30 சதவீதம். அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் உங்கள் 70 சதவீதம். 590 ரூபாய் ஒரு ஐபோனிலிருந்து வந்ததாக வையுங்கள். வரி போக 500, ஆப்பிள் போக 350, உங்களுக்கு 245. அதே காசு ஆண்ட்ராய்டிலோ லேப்டாப்பிலோ வந்திருந்தால் 350 கிடைத்திருக்கும். வித்தியாசம் சரியாக 105. “ஐபோன் வைத்திருப்பவர்கள் முடிந்தால் லேப்டாப்பில் யூடியூப் திறந்து அனுப்புங்கள்” என்று லைவில் எப்போதாவது ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தினமும் சொன்னால் பிச்சை கேட்பது போல ஆகிவிடும்.

வேறு தளத்துக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்குமா என்று அடுத்த கேள்வி வரும். ட்விட்சில் சந்தா பெரும்பாலானோருக்குப் பாதிக்குப் பாதிதான். டிக்டாக் கிஃப்ட் 2020 முதல் இந்தியாவில் பேச்சுக்கே இல்லை. இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

க்யூஆர் விஷயத்துக்கு வருகிறேன். அதில் கமிஷன் கிடையாது, நூறு ரூபாய் அனுப்பினால் நூறும் வரும். அதனால்தான் நம் ஊர் கேமிங் லைவ்களில் பாதிப் பேர் திரை மூலையில் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு நடந்ததைக் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் 500 ரூபாய் அனுப்பினார், இவரும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். சில வாரம் கழித்து இந்தப் பையனுடைய சம்பளக் கணக்கு முடங்கியது. அந்த 500 ரூபாய் வேறு யாரிடமோ ஆன்லைனில் மோசடி செய்து எடுத்த பணத்தின் ஒரு துண்டு. சைபர் கிரைம் புகார் வந்தால், அந்தப் பணம் போன வழியில் உள்ள கணக்குகளை எல்லாம் நிறுத்தி வைப்பது வழக்கம். தன் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுத்து மீள்வதற்குள் வீட்டு வாடகைக்கும் அவர் கடன் வாங்கும்படி ஆயிற்று. “தெரியாமல் 2,000 அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்று போலி ஸ்க்ரீன்ஷாட்டோடு வருபவர்கள் இன்னொரு வகை. யுபிஐ ஐடி பெரும்பாலும் உங்கள் மொபைல் எண்ணாகவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இரவு பன்னிரண்டு மணிக்கு யார் யாரோ கூப்பிடுவார்கள்.

அதனால் க்யூஆர் வைத்தே தீருவது என்றால், சம்பளம் வராத தனி சேவிங்ஸ் கணக்கு ஒன்று, அதற்கு மொபைல் எண் தெரியாத யுபிஐ ஐடி ஒன்று. வரும் பணத்தை அதிலேயே குவித்து வைக்காதீர்கள். யார் திருப்பிக் கேட்டாலும் உங்கள் பாஸ்புக்கில் வரவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல், அவருடைய வங்கியில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். க்யூஆரில் வருவதும் வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். என்னைக் கேட்டால், 740 சப்ஸ்கிரைபர் அளவில் நூற்றுக்கு 41 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்கு இத்தனை தலைவலி தேவையில்லை.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, நேரம் தப்பித் தப்பி வருவதாக, காசு கசிவது அங்கேதான். சூப்பர் சாட் அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உங்கள் அளவுள்ள சேனலில் நாலைந்து பேருக்கு மேல் பெரும்பாலும் இருக்காது. அவர்களில் ஒருவருக்குப் பரீட்சை வந்தால் கால்வாசி வருமானம் காணாமல் போகும். நின்று வரும் காசு அந்த 20 மெம்பர்களுடையது, மாதம் 700 ரூபாய்.

அந்த 20 பேர் விலகுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ மாதாமாதம் தானாகப் போகும் பணத்துக்கு, எடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. “நாளை 59 ரூபாய் எடுக்கப்படும்” என்று செய்தி வரும். அதைப் பார்க்கும் நிமிடத்தில் அவர் கடைசியாக உங்கள் லைவை எப்போது பார்த்தார் என்று நினைத்துப் பார்ப்பார். முந்தாநாள் பார்த்திருந்தால் சும்மா இருப்பார். பத்து நாளாக நீங்கள் லைவே வரவில்லை என்றால் ஆட்டோபேயை நிறுத்திவிடுவார். ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி வேறு வேறு என்பதால் இந்தச் செய்தி மாதம் முழுக்க யாராவது ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு வாரம் காணாமல் போனால், அந்த வாரத்தில் தேதி விழுகிற நாலைந்து பேரைப் பணயம் வைக்கிறீர்கள். மாதத்தில் பத்து லைவ் போட்டிருந்தாலும், பத்தும் முதல் இரண்டு வாரத்திலேயே முடிந்துவிட்டால் பயனில்லை என்பது இதனால்தான்.

உங்களுக்கு ஷிப்மென்ட் வாரத்தில் வீடு திரும்ப இரவு பத்து ஆகும் என்பது ஊருக்கே தெரியும். எனவே நல்ல வாரத்தை வைத்து அட்டவணை போடாதீர்கள், மோசமான வாரத்தை வைத்துப் போடுங்கள். ஷிப்மென்ட் வாரத்திலும் எந்த இரண்டு இரவு கண்டிப்பாக முடியும்? ஞாயிறு ஒன்று. வாரநாளில் ஒன்று, புதன் இரவு பத்தரை என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டை மட்டும் அறிவியுங்கள். மூன்றாவதாக ஒன்று முடிந்தால் அது போனஸ், அதை வாக்குறுதியாகச் சொல்ல வேண்டாம். நேரம் முடிவு செய்யும் முன் யூடியூப் ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸ் போய் Audience பக்கத்தைத் திறந்தால், உங்கள் பார்வையாளர்கள் எந்தக் கிழமை எந்த மணிக்கு யூடியூபில் இருக்கிறார்கள் என்று ஊதாக் கட்டங்களாகக் காட்டும். உங்கள் பத்தரை மணி அதில் அடர்ந்த நிறத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் முன்னே பின்னே தள்ள வேண்டியிருக்கலாம்.

அப்புறம், திடீரென்று லைவ் பட்டனை அழுத்தாதீர்கள். இரண்டு நாள் முன்பே ஷெட்யூல் செய்தால் காத்திருப்புப் பக்கம் ஒன்று உருவாகும், அதில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. லைவ் தொடங்கி முதல் கால் மணி நேரம் ஆட்கள் வந்து சேரும் நேரம். முக்கியமான ஆட்டத்தை அதற்குள் ஆடித் தீர்த்துவிட்டால், நேரத்துக்கு வந்தவர் நாலு பேர்தான் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் சூப்பர் சாட்களை வரிசையாகப் படியுங்கள். காய் நகர்த்தும் நடுவில் படித்தால் ஆட்டமும் கெடும், அனுப்பியவர் கேட்ட கேள்விக்கும் பதில் அரைகுறையாகப் போகும். மெம்பர்களுக்கு என்ன தருவது என்பதிலும் அடக்கம் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களோடு மட்டும் ஆடுவது போதும். “வாரம் ஒரு ஸ்பெஷல் வீடியோ” என்று எழுதி வைத்துவிட்டு மூன்றாம் வாரம் முழி பிதுங்கியவர்கள் நிறையப் பேர்.

கேமரா வேண்டாம். இப்போதைய வரவில் 45,000 ரூபாயை எடுக்க ஏறக்குறைய 23 மாதம் ஆகும். செஸ் லைவில் ஜனங்கள் பார்ப்பது பலகையை, உங்கள் முகம் ஓரத்தில் சின்னக் கட்டம். குரல் தெளிவாக இல்லை என்றால் மட்டும் ஒரு காலர் மைக் வாங்குங்கள்.

இன்னொன்று, பணம் உங்கள் வங்கிக்கு வரும் வழி. ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், பொதுவாக மாதத்தின் 21 முதல் 26 தேதிக்குள். மாதம் 2,000 ரூபாய் என்றால் உங்கள் முதல் பணம் வர நாலைந்து மாதம் ஆகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 10 டாலர் தொட்டதும் வீட்டுக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். ஆட்சென்ஸில் கொடுத்த முகவரியில் கதவு எண்ணும் பின்கோடும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கூடவே அமெரிக்க வரிப் படிவம், W-8BEN, நிரப்பியாயிற்றா என்றும் பாருங்கள். நிரப்பாமல் விட்டால் அமெரிக்கப் பார்வையாளர் ஒருவரும் இல்லாவிட்டாலும் உங்கள் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பி, இந்திய ஒப்பந்தச் சலுகையையும் கோரினால் அமெரிக்காவில் இருப்பவர்களிடமிருந்து வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம். பான் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கால் மணி நேர வேலை.