டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி: கேள்வி பதில்

பதில் தருபவர்: டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட்

மகள், சேலம்: அப்பாவுக்கு 61 வயசு. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நாற்காலியில இருந்து கையை ஊன்றாம எழ முடியல. எந்த நாள்ல, என்ன பயிற்சி கொடுக்கலாம் மேடம்?

பதில்: டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் வேண்டாம். நீர் இறக்கிய உடம்பில் எழுந்து நின்றாலே பி.பி. சரியும். செவ்வாய், வியாழன், சனி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையும் திங்கள் காலையும் மட்டும் கவனம். வெள்ளிக்குப் பிறகான நீண்ட இடைவெளியின் கடைசி மணி நேரங்கள் அவை. நீரும் பொட்டாசியமும் அப்போதுதான் அதிகம் தேங்கியிருக்கும். வீட்டுக்குள் மெதுவாக நடந்தால் போதும்.

அவருக்குத் தேவை தொடை பலம். சக்கரமில்லாத, கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். போர்வையை மடித்துப் போட்டு உயரம் கூட்டுங்கள். உயரம் கூடினால் எழுவது சுலபம். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழட்டும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் தொடைக்குப் பாதி வேலை போய்விடும். 5 முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 5 முறை. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இரண்டு வாரம் சிரமமில்லாமல் வந்தால் 8 ஆக்குங்கள். அதுவும் சுலபமானால் போர்வையை எடுத்துவிடுங்கள்.

நடை 5 நிமிடம், மூன்று வேளை. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். நாடித்துடிப்பை எண்ணி அளவு பார்க்காதீர்கள். மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு உழைப்புக்கு ஏற்றபடி நாடி ஏறாது, கணக்கு ஏமாற்றும்.

பெயர் வேண்டாம்: கிரியாட்டினின் 2.1. நடந்தா குறையுமா?

பதில்: நடையால் கிரியாட்டினின் இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பி.பி., சர்க்கரை, தசை பலம், தூக்கம் இவற்றுக்காக நடங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடும் பயிற்சி செய்யாதீர்கள். தசையிலிருந்து வரும் கிரியாட்டினின் எண்ணை ஏற்றிக் காட்டி வீண் பயம் கொடுக்கும். சிறுநீரில் புரதமும் அப்படித்தான் தற்காலிகமாகக் கூடும்.

விருதுநகர் வாசகர்: ஃபிஸ்டுலா போட்டு மூணு மாசம் ஆச்சு. அந்தக் கையில தண்ணிக்குடம் தூக்கலாமா?

பதில்: டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருப்பதுதான் ஃபிஸ்டுலா. இடுப்பில் குடம் வைத்து அந்தக் கையால் வளைத்துப் பிடிப்பது வேண்டாம். எடையைவிடப் பெரிய சிக்கல், முழங்கையை மடக்கி நெடுநேரம் அழுத்தியே வைத்திருப்பதுதான். ரத்த ஓட்டம் தடைபட்டால் உள்ளே உறையும். கைப்பிடியை முழங்கை மடிப்பில் மாட்டித் தொங்கவிடும் பைக்கும் இதே பதில். அரை வாளி தண்ணீரைக் கையை நீட்டித் தூக்கி உடனே இறக்குவதில் பெரும்பாலானோருக்குத் தொந்தரவு இல்லை.

ராஜபாளையம் வாசகர்: தப்பா சொல்றீங்க மேடம். ஃபிஸ்டுலா கையை அசைக்கவே கூடாது, நரம்பு வெடிச்சிடும்னு எங்க டெக்னீசியன் சொன்னாரு. மூணு வருஷமா அந்தக் கையில டம்ளர்கூடத் தூக்கல.

பதில்: பாதி சரி. ஊசி எடுத்த அன்று அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. மற்ற நாட்களில் சும்மா வைத்திருந்தால் கை மெலியும், தோள் இறுகும். அறுவை சிகிச்சைக் காயம் ஆறியபின் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்வதே ரத்தக்குழாய் தடிக்கட்டும் என்றுதான். ஆனால் சில கைகளுக்கு உங்கள் டெக்னீசியனின் பயம் பொருந்தும்: ஊசி போடும் இடம் உப்பிப் பளபளத்துத் தோல் மெலிந்திருந்தாலோ, பொருக்கு உதிராமல் நின்றாலோ அந்தக் கைக்கு எந்தப் பாரமும் வேண்டாம், அறுவை மருத்துவரை உடனே பாருங்கள். அங்கே ரத்தம் பீறிட்டால் விரலால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஜிம் தம்பி, கோவை: நான் ஃபிஸ்டுலா கையில 10 கிலோ டம்பெல் தூக்குறேன் அக்கா. ஒண்ணும் ஆகல. எத்தனை கிலோ வரைக்கும் போகலாம்னு ஒரு நம்பர் சொல்லுங்க.

பதில்: நம்பர் சொல்ல மாட்டேன் தம்பி. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென்று ஓர் எடைக் கணக்கு வைத்திருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் எண் என்று எதையும் நான் நம்புவதில்லை. 1 கிலோவில் தொடங்கி, 15 முறை சிரமமின்றித் தூக்க முடிந்தால் மட்டும் அடுத்த படி. மூச்சடக்கித் தம் கட்டித் தூக்காதே, மணிக்கட்டுப் பட்டை கட்டாதே. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்து அதிர்வைப் பார். அதிர்வு குறைந்தாலோ நின்றாலோ அன்றே, மணிக்கணக்கு தாமதிக்காமல், மருத்துவமனைக்குப் போ.

ராஜபாளையம் வாசகர்: அப்ப எங்க டாக்டரும் டெக்னீசியனும் சொன்னது?

பதில்: உங்கள் கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். உப்பலைப் பார்த்துச் சொன்னார்களா, பொதுவாகச் சொன்னார்களா என்று அவர்களிடமே கேளுங்கள்.

திருச்சி வாசகி: டயாலிசிஸ் ஓடும்போதே சைக்கிள் மிதிக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: நிஜம். கட்டில் கால்மாட்டில் பொருத்தும் பெடல் இருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நீர் இறங்கிப் பி.பி. விழ வாய்ப்பு அதிகம், கெண்டைக்கால் பிடிப்பும் வரும். தொடை இடுக்கில் குழாய் இருப்பவர்களுக்குக் கூடாது.

இன்னொருவர்: கிரியாட்டினின் 3.4, நடக்கலாமா?

பதில்: மேலே பாருங்கள்.

மதுரை வாசகர்: வெயில்ல நடந்துட்டு இளநீர் குடிச்சா உடம்புக்கு நல்லதுதானே?

பதில்: டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற உங்கள் சிறுநீரகத்தால் முடியாது. இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நாக்கு வறண்டால் மருத்துவர் சொன்ன தண்ணீர்க் கணக்குக்குள் ஒரு வாய். வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். கால் வலிக்கிறதென்று டைக்ளோபினாக் போடாதீர்கள், சிறுநீர் கொஞ்சமாவது வருகிறவர்கள் அதையும் இழப்பீர்கள்.

மனைவி, தஞ்சாவூர்: இவர் இன்சுலின் போட்டுட்டு காலையில நடக்கப் போவார். திரும்பி வரும்போது கை நடுங்குது, வேர்க்குது.

பதில்: சர்க்கரை இறங்கியிருக்கலாம். கெட்ட சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகத்தான் அகற்றும், பழைய அளவே அதிகமாகிவிடும். கிளம்புமுன் சோதியுங்கள், 100-க்குக் கீழே இருந்தால் முதலில் இரண்டு பிஸ்கட். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன், கொஞ்சம் தண்ணீரில். பழச்சாறு வேண்டாம், பொட்டாசியம். இன்சுலின் அளவை மருத்துவர் திருத்தட்டும்.

கிருஷ்ணகிரி வாசகர்: கிட்னி கல்லுக்கு ஸ்கிப்பிங் பண்ணலாமா?

பதில்: இங்கே பேசுவது வேறு நோய். யூராலஜி மருத்துவரிடம் கேளுங்கள்.

மகள், சேலம்: ஒரு கேள்வி விட்டுட்டேன். அப்பாவை எப்ப நிறுத்தச் சொல்லணும்?

பதில்: நெஞ்சில் பாரம், கண் இருட்டல், துடிப்பு தாறுமாறு, பேச முடியாத மூச்சிரைப்பு: உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். ஓய்விலும் தணியாவிட்டால் 108. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார் என்றால் நீர் நுரையீரலில் ஏறியிருக்கலாம். பயிற்சியை விட்டுவிட்டு டயாலிசிஸ் பிரிவுக்கு உடனே போன் செய்யுங்கள். திடீரென்று இரண்டு காலும் துவண்டு எழவே முடியாமல் போனால் அதைப் பயிற்சிக் களைப்பென்று விட்டுவிடாதீர்கள். பொட்டாசியம் ஏறியிருக்கலாம், ஈ.சி.ஜி. எடுக்க அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் உள்ள நாள், டயாலிசிஸ் தவறிய நாள், ஓய்விலேயே பி.பி. மேல் எண் 180-ஐத் தாண்டிய நாள், பயிற்சி இல்லை. பயிற்சியின் அசதி ஒரு மணி நேரத்தில் தெளிய வேண்டும். மறுநாளும் அசதி விடவில்லை என்றால் 5 முறையை 3 ஆக்குங்கள். அப்படியும் அசதி நீடித்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள்.