ஈவினிங் டூட்டி வாரம்தான் எங்களைப் பிரித்தது

கேள்வி: கணவருக்கு எப்போதும் இரவு வேலை, எனக்கு ஷிப்ட் மாறி மாறி வருகிறது. ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. நெருக்கம் குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அப்போதுதான் ரொம்ப மோசமாக இருந்தது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் டீ பேக்டரியில் ட்ரையர் பார்க்கிறார். பகலில் பறிக்கிற கொழுந்து எடை போட்டு பேக்டரிக்கு வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும், அதைப் பரப்பிக் காற்று விட்டு வாடவைத்து அப்புறம்தான் அரைத்து ட்ரையரில் காயவைப்பார்கள், அதனால் ட்ரையர்காரருக்கு ராத்திரிதான் வேலை. மாலை 6.30க்குக் கிளம்பினால் காலை 6.30க்குத்தான் வீடு. எனக்கு மார்னிங், ஈவினிங், நைட் என்று வாரம் ஒன்றாக மாறும்.

நைட் டூட்டிதான் எங்களைக் கெடுக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலண்டர் பின்பக்கத்தில் இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரத்தை எழுதிப் பார்த்தோம். நான் நைட் போகிற வாரத்தில் இருவருமே காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை தூங்குகிறோம், மூன்றிலிருந்து அவர் கிளம்பும் வரை சேர்ந்து இருக்கிறோம். மார்னிங் டூட்டியில் நான் மூன்று மணிக்கு வந்துவிடுவேன், பையன் பள்ளியிலிருந்து வர 4.15 ஆகும். புருஷன் பெண்டாட்டியாக இருப்பதற்கு அந்த ஒன்றேகால் மணி நேரம்தான், வெட்கப்படாமல் சொல்கிறேன், அதில் துணி துவைக்க மாட்டேன். ஈவினிங் டூட்டி வாரம்தான் காலி. அவர் எட்டு மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுவார், நான் 1.15க்கே கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது அவர் பேக்டரியில் இருப்பார். ஆறு நாளும் காலை 6.30க்கு மேல், பையனைக் கிளப்புகிற அவசரத்தில் பார்த்துக்கொள்வதுதான்.

எங்கள் சண்டை எல்லாம் அந்த நேரத்தில்தான். ராத்திரி முழுக்க ட்ரையர் சூட்டில் நின்றுவிட்டு, தலையில் டீத் தூளோடு வருகிற மனுஷனிடம் நான் ஸ்கூல் பீஸ் பற்றிக் கேட்பேன். நானும் எழுந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். தூங்கி எழுந்த முதல் அரைமணி நேரம் மூளை முழுதாக விழிப்பதில்லை, விடிய விடிய கண் விழித்தவருக்கோ விடிகாலையில் பொறுமை அடியோடு வற்றிப்போயிருக்கும். வார்டில் மற்றவர்களிடம் தினமும் பார்க்கிற விஷயம், வீட்டில் எனக்கு உறைக்கவில்லை. ஒரு தடவை கேஸ் சிலிண்டர் புக் பண்ணாததற்காக மூன்று நாள் பேசாமல் இருந்தோம்.

இப்போது காலையில் டீயும் சாப்பாடும் மட்டும்தான், காசு, சொந்தக்காரர் பேச்சு எதுவும் கிடையாது. ஈவினிங் வாரத்தில் அவர் தூக்கத்தை இரண்டாக்கிக்கொண்டார். வந்ததும் சாப்பிட்டு ஏழு மணிக்கே படுப்பார். ஜன்னலுக்குக் கம்பளி, பையனை மாமியார் பார்த்துக்கொள்வார். 11.45க்கு எழுவார், முகம் கழுவி வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் நான் விஷயத்தை எடுப்பேன். 1.15 வரை எங்கள் நேரம். அப்புறம் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு தூக்கம். கூட்டிப் பார்த்தால் முன்னைவிடக் குறையவில்லை.

தூக்கத்தை உடைத்தால் உடம்பு கெடும் என்று யாராவது எழுதுவீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம்தான் செய்கிறோம். இரண்டாவது தூக்கம் தவறிப்போனால் அன்று ராத்திரி அவருக்குக் கண் சொருகும், சூடான மெஷின் பக்கத்தில் அது ஆபத்து. அப்படி ஆனால் மறுநாள் எழுப்பவே மாட்டேன். மழை விழுந்து கொழுந்து குவிகிற மாதங்களிலும் இதை விட்டுவிடுவோம். அப்போது அவர் ராத்திரி டீ இடைவேளையில் வாட்ஸப்பில் பேசி அனுப்புவதை நான் காலையில் கேட்பேன், அவ்வளவுதான். உடனே பதில் வரவில்லையே என்று கோபப்படக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.

கொழுந்து என்றதும் ஞாபகம் வருகிறது. என் அப்பா அரை ஏக்கர் வைத்திருக்கிறார், பறிப்புக் கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மருமகன் ராத்திரி முழுக்க வறுக்கிற தூள் கடையில் என்ன விலை, மாமனார் போடுகிற கொழுந்துக்கு என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

எங்கள் ஆஸ்பத்திரியில் டூட்டி சார்ட் முன்பு ஞாயிறு ராத்திரிதான் வரும், நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டு வியாழக்கிழமைக்கு மாற்ற வைத்தோம். நீங்களும் முதலில் அதைக் கேளுங்கள். வாரம் எப்படி வரும் என்று தெரியாமல் எந்த நேரத்தையும் ஒதுக்க முடியாது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனியில் செடி கருகிக் கொழுந்து குறைந்தால் பேக்டரி தினமும் ஓடாது. அந்த ராத்திரிகளில் அவர் வீட்டில்தான், ஆனால் பழக்கத்தில் இரண்டு மணிக்கே முழித்துக்கொள்வார். மறுநாள் எனக்கு மார்னிங் என்றால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். நைட் டூட்டி முடிந்து ஆஃப் என்றால் எனக்கும் தூக்கம் வராது. இரண்டு பேரும் அடுப்பைப் பற்றவைத்து, பக்கத்திலேயே விடிகிற வரை உட்கார்ந்திருப்போம்.